நுரைத்த எண்ணெயும் இரண்டு பக்கப் புகாரும்

என் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுவதில் கொள்ளை ஆசை. தப்பு, எழுதுவது நான். அவர் கல்லாவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உலாத்தியபடி சொல்லுவார். மின்வாரியத்துக்கு, பஞ்சாயத்துக்கு, எங்கள் கடைக்கு நேராக வண்டியை நிறுத்தாத பஸ் முதலாளிக்கு என்று எத்தனையோ கடிதம் போயிருக்கிறது. ஒருவரும் பதில் போட்டதில்லை. அதற்காக அவர் மனம் தளர்ந்ததும் இல்லை. பதில் வந்த ஒரே கடிதம் எண்ணெய் வியாபாரிக்குப் போனது. அந்தப் பதிலும் வராமலே இருந்திருக்கலாம்.

எங்கள் கடை ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டில், ஒரு பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருக்கிறது. காலையில் இட்லி, பூரி, மதியம் அளவுச் சாப்பாடு. ஆனாலும் கடைக்குச் சோறு போட்டது சாயங்காலத்துப் பஜ்ஜியும் போண்டாவும்தான். அதைப் போட்டவர் ஓர் அக்கா. கடை திறந்த நாளிலிருந்து எண்ணெய்ச் சட்டி அவர் வசம். அந்த வருமானத்தில்தான் மகளை நாமக்கல்லில் நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்காரர்களும் டிரைவர்களும் வண்டியை ஓரங்கட்டி, "அக்கா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். ஓனர் இருக்கிறாரா என்று கேட்டவர் எவரும் இல்லை. அது ஓனரை உள்ளுக்குள் கொஞ்சம் அரித்துக்கொண்டிருந்தது என்பது என் எண்ணம்.

தை மாதம் முடிந்து கொஞ்ச நாளில் எண்ணெய் படுத்த ஆரம்பித்தது. நல்ல எண்ணெயில் பஜ்ஜியைப் போட்டால் சுற்றிலும் சலசலவென்று பெரிய பெரிய கொப்புளமாக வந்து, வந்த வேகத்தில் உடைந்துபோகும். இது அப்படி இல்லை. சோப்புத் தண்ணீர் போலப் பொடி நுரையாகப் பொங்கி, சட்டியின் விளிம்பு வரை ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. உள்ளே பஜ்ஜி வேகிறதா கருகுகிறதா என்று பார்க்க முடியவில்லை. புது டின் உடைத்து ஊற்றிய அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் எண்ணெய் காபி நிறத்துக்கு வந்துவிட்டது. அடுப்பைச் சிறிதாக வைத்தாலும் புகைந்தது. ஓரத்தில் பிசினாக ஒட்டியதைச் சுரண்ட முடியவில்லை.

"மாவுல சோடா உப்ப அள்ளிக் கொட்டறயா?" என்று என் வீட்டுக்காரர் அக்காவிடம் கேட்டார்.

"நானு போடறது ஒரு சிட்டிகைங்க. வேணும்னா நாளைக்கு நீங்களே போடுங்க" என்றார் அக்கா.

மறுநாள் இவரே போட்டார். நுரை முன்னைக்கு மேலே பொங்கியது. அதோடு சோடா ஆராய்ச்சி முடிந்து, எண்ணெயில்தான் கோளாறு என்று தீர்ப்பானது.

எண்ணெய் வியாபாரி ராசிபுரத்துக்காரர். நெய்யும் எண்ணெயும் மொத்தமாக வைத்திருப்பவர். எங்களுக்குப் பாமாயில் டின் அவரிடமிருந்துதான் வரும். போனில் சொன்னதற்கு, "எழுத்துல குடுங்ணா, கம்பெனிக்கு அனுப்பி உட்டுடறேன்" என்று அவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். எழுத்தில் கேட்டால் சும்மா விடுவாரா என் வீட்டுக்காரர்? அன்று மதியமே நோட்டிலிருந்து தாள் கிழித்து, என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"எழுது. மதிப்பும் மரியாதையும் மிக்க வியாபாரப் பெருந்தகை அவர்களுக்கு."

"பாமாயில் டின்னுக்கு இம்புட்டு மரியாதையா?"

"கம்முனு எழுது புள்ள."

எழுதினேன். முதல் பக்கம் முழுக்க எங்கள் கடையின் பெருமை. இரண்டாம் பக்கத்தில்தான் எண்ணெய் வந்தது. 'தாங்கள் அனுப்பிய டின் எண்ணெயானது அடுப்பில் காய்ந்த மாத்திரத்தில் நுரைத்துப் பொங்குகிறது. ஒரே நாளில் கறுத்துவிடுகிறது. புகைகிறது. தின்றவர்கள் நெஞ்சு எரிகிறது என்கிறார்கள். எங்கள் கடையில் நாள்தோறும் எண்ணெயை வடிகட்டுகிறோம். தூளைத் தங்க விடுவதில்லை. பழைய எண்ணெய் ஒரு சொட்டும் கலப்பதில்லை. ஆகவே குற்றம் எங்கள் பக்கம் அறவே இல்லை.'

ஒரு சொட்டும் கலப்பதில்லை என்று அவர் சொல்ல, நானும் கை நடுங்காமல் எழுதினேன். இத்தனைக்கும் எங்களுக்கு முன்னால் சாமி மாடத்தில் அந்தத் தூக்குப்போசி பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

அந்தத் தூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடை திறந்த அன்று முதல் ஈடு போண்டா எடுத்த எண்ணெயில் கொஞ்சத்தை இவர் ஒரு எவர்சில்வர் தூக்கில் எடுத்து வைத்தார். எண்ணெய்ச் சட்டி ஒரு நாளும் வறண்டு கிடக்கக் கூடாதாம். வறண்டால் யாவாரம் படுத்துவிடுமாம். அதனால் காலையில் புது எண்ணெய் ஊற்றியதும், தூக்கில் இருப்பதைக் கண்ணை மூடிக் கும்பிட்டபடி அதில் கவிழ்ப்பார். கடை கட்டும்போது சட்டியிலிருந்து மறுபடி தூக்கு நிறைய எடுத்து மாடத்தில் வைப்பார். தயிருக்கு உறை ஊற்றுவது போல, எங்கள் எண்ணெய்க்கும் ஓர் உறை உண்டு. அதற்கு எங்கள் கடையில் பெயர் லட்சுமி. லட்சுமியை யாராவது பழைய எண்ணெய் என்பார்களா? அதனால் கடிதத்தில் பொய் ஏதும் இல்லை என்பதே எங்கள் இருவரின் நம்பிக்கை.

கடிதத்தில் கடைச் சீலைக் குத்தி, உறையில் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். போகிற வருகிற எல்லாரிடமும், "போட்டேன் பாரு ஒரு லெட்டரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பதில் வந்தது. வியாபாரி நாலே வரி எழுதியிருந்தார். இதே லாட் எண்ணெய் ராசிபுரத்தில் பல கடைக்குப் போகிறது, எங்கும் புகார் இல்லை. உங்கள் மாஸ்டரை மாற்றிப் பாருங்கள், நல்ல ஆள் வேண்டுமென்றால் நான் அனுப்புகிறேன். ஆனாலும் பழகின பழக்கத்துக்காகக் கைவசம் இருப்பதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு டின் தருகிறேன். அவ்வளவுதான்.

அடடா, என்ன பொருத்தம்! எண்ணெயைக் குறை சொன்னவரும் எண்ணெய் விற்றவரும் ஒரு விஷயத்தில் மட்டும் கைகுலுக்கிக்கொண்டார்கள். இருவருக்கும் நடுவில் அடுப்படியில் நின்றவர் அக்கா ஒருவர்தான்.

என் வீட்டுக்காரர் பதிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அக்காவிடம் போனார். "புது டின்னு வருது. அதுலயும் நொரைச்சுதுன்னா அப்பறம் எண்ணெய் மேல பழி போட முடியாது. உன்ற கைராசிதான் சரியில்லைன்னு அர்த்தம். பாத்துக்க."

அக்கா மாவைக் கரைத்துக்கொண்டே, "செரிங்க" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. இத்தனை வருஷம் கடையை நிறுத்திய கைக்கு இவர் ராசி பார்க்கிறாராம்!

புது டின்கள் இறங்கிய அன்றைக்கே பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். எடுப்புக்குப் போய்விட்டு வந்து மறுநாள் கடையைத் திறந்தோம். கடையை மூடினால் வயிறும் மூடிவிடும், வேறு வழியில்லை. ஆனால் தீட்டு. கருமாதி முடிகிற வரைக்கும் மாடத்தில் விளக்கு இல்லை, பூ இல்லை, சாமி சாமான் எதையும் தொடக் கூடாது. என் வீட்டுக்காரர் மாடத்துக்கு முன்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா முதல் பஜ்ஜியைப் போட்டார். சலசலவென்று கொப்புளம் வந்தது, உடைந்தது, போயே போய்விட்டது. நுரை இல்லை. அடுத்த ஈடும் அப்படியே. கடை கட்டும்போதும் எண்ணெய் சட்டியின் அடி தெரிகிற மாதிரி இருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, தப்பிச்சேன்" என்றார். நானும் அழுதுவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்குத்தான் தரையில் கால் பாவவில்லை. "லெட்டரு! எல்லாம் லெட்டரு பண்ணுன வேலை! அந்தாளு தண்ணி காட்டலாம்னு பாத்தான், நம்ம எழுத்துக்கு முன்னால நடக்குமா?" என்று டீ குடிக்க வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார். துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரர்களுக்கும் இதே கதைதான். செத்தவர் எப்படிச் செத்தார் என்று கேட்க வந்தவர்கள், எண்ணெய் எப்படிப் பிழைத்தது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கருமாதி முடிந்தது. மாடத்துத் துணியை எடுத்தோம். நானே தூக்கின் வெளிப்புறத்தைப் புளி போட்டுத் துலக்கி வைத்தேன். மறுநாள் காலை லட்சுமி சட்டிக்குள் இறங்கினாள். சாயங்காலம் நுரை விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்தது.

நியாயமாக அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சாமி காரியத்தை நாம் எப்போது யோசித்துப் பார்த்திருக்கிறோம்? இவர் வியாபாரிக்குப் போன் போட்டார். அந்த மனுஷர் சிரித்துக்கொண்டே, "ஏனுங்ணா, நானு அன்னைக்குக் குடுத்ததும் அதே லாட்டுத்தானுங்க. உங்க மனசு திருப்திக்கு டின்ன மாத்திக் குடுத்தேன். அதுல பத்து நாளு நல்லாத்தான பஜ்ஜி போட்டீங்க? அப்ப எண்ணெய்ல என்ன கோளாறு?" என்று கேட்டார்.

இவர் போனை வைத்துவிட்டு நேரே அடுப்பங்கரைக்குப் போனார். கடை நிறைய ஆள். "எண்ணெய கெடுக்கற கை உன்ற கை. நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார்.

அக்கா சட்டியில் கிடந்த பஜ்ஜியை அரித்தெடுத்துத் தட்டில் போட்டார். அடுப்பை அணைத்தார். கையைக் கழுவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் வாசல் வரைக்கும் ஓடி, "அக்கா, நில்லுங்க" என்றேன். அவர் திரும்பவே இல்லை.

மறுநாள் எண்ணெய்ச் சட்டி என் தலையில் விழுந்தது. வியாபாரி அனுப்பும் புது மாஸ்டர் மதியம்தான் வருவார், காலையில் பூரிக்கு ஆள் வேண்டுமே. கோபத்தில் சட்டியைத் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவித் துடைத்து, புது எண்ணெய் ஊற்றிக் காய வைத்தேன். பூரி போட்டேன். உப்பி எழுந்தது. நுரை மருந்துக்கும் இல்லை. சரி, நம் கைராசி பரவாயில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் இவர் குளித்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, தூக்கோடு வந்தார். "லட்சுமி எறங்கறதுக்குள்ள அடுப்பப் பத்த வெச்சுட்டியா? உனக்கு அறிவு இருக்குதா?" என்று கத்திவிட்டு, கண்ணை மூடித் தூக்கைக் கவிழ்த்தார்.

அடுத்த பூரியைப் போட்டேன். புஸ்ஸென்று பொங்கியது.

என் கையும் அதே கை, அடுப்பும் அதே அடுப்பு. நான் கரண்டியைப் பிடித்தபடி அந்தத் தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். தீட்டு நாட்களில் இது துணிக்குப் பின்னால் இருந்தது. நுரையும் இல்லை. அதற்கு முன்னே போனால், தை மாதக் கடைசியில்தான் எவர்சில்வர் தூக்கு மாறி இந்தச் செப்புத் தூக்கு வந்தது. செம்பில் வைத்தால் எதுவும் அமிர்தமாகிவிடும் என்று யாரோ இவர் போனுக்கு வீடியோ அனுப்பியிருந்தார்கள். சேலம் கடைவீதிக்குப் போய்த் தேடித் தேடி வாங்கி வந்தார். அமிர்தம் அதற்குப் பிறகுதான் பொங்குகிறது. அக்காவை நேற்றுத்தான் அனுப்பினோம்.

மதியம் வியாபாரி தன் வண்டியில் புது மாஸ்டரோடு வந்து இறங்கினார். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு அடுப்பில் இரண்டு வாணலி வைத்தேன். இரண்டிலும் ஒரே டின்னிலிருந்து எண்ணெய். ஒன்றில் மட்டும் தூக்கிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றினேன். காலையில் கவிழ்த்தது போகத் தூக்கின் அடியில் மிச்சம் இருந்தது. ஒரே மாவில் வாழைக்காயைத் தோய்த்து இரண்டிலும் போட்டேன். ஒன்று சலசலத்தது. மற்றது நுரை கட்டி ஏறியது.

"இப்ப சொல்லுங்க, யாரு கையி?" என்றேன்.

வியாபாரி தூக்கை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தார். உள்பக்கம் பச்சைப் பசேலென்று களிம்பு. முகத்தைச் சுளித்தார். "ஏனுங்ணா, செம்புல எண்ணெய் வெப்பாங்களா? செம்பும் பித்தளையும் எண்ணெய்க்கு ஆவாதுங்க. சீக்கிரமாக் கெட்டுப் போயிரும். எண்ணெய் ஆலையில டேங்குக்கு ஒரு பித்தளை வால்வு மாட்ட உட மாட்டாங்க. போதாததுக்கு நேத்து வெந்த எண்ணெய இன்னைக்கு எண்ணெய்ல கலக்கறீங்க. அது புதுசையும் சேத்துக் கெடுத்துப் போடும். இது எத்தன நாளு எண்ணெய்ங்க?"

"கடை தொறந்த அன்னைக்கு எடுத்தது" என்றார் என் வீட்டுக்காரர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அட சாமி!" என்றார் வியாபாரி. "உணவு ஆபீசருங்க வந்து எண்ணெய்ல மிஷின உட்டுப் பாத்திருந்தா கடையச் சாத்தியிருப்பாங்க."

"அது லட்சுமிங்க."

"லட்சுமிய இத்தன வருசமா வேக வெச்சிருக்கறீங்களே!"

புது மாஸ்டர் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பழைய எண்ணெயை பயோ டீசலுக்கு எடுத்துப் போகிற ஆள் ஒருவர் இருப்பதாகச் சொல்லி, வியாபாரி அந்த எண்ணெயையும் ஒரு கேனில் ஊற்றித் தானே கொண்டு போனார். ஆக, எங்கள் லட்சுமி கடைசியில் டீசலாகப் போய்ச் சேர்ந்தாள். லாரி ஊருக்கு அது பொருத்தம்தான்.

சாயங்காலம் இருவருமாக அக்கா வீட்டுக்குப் போனோம். நான் நடந்ததைச் சொன்னேன். இவர் வாசலில் கிடந்த கோழிக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டார். "இன்னைக்கு ரெண்டு கடையில போயி வேலை கேட்டேனுங்க அம்மிணி. எண்ணெய கெடுக்கற கைன்னு உங்கூட்டுக்காரரு சொன்னது எனக்கு முன்னால போயி அங்க உக்காந்திருக்குது" என்றார்.

"அதான் நாங்களே கூப்புட வந்துட்டமே. நாளைக்கு வந்துரு" என்றார் என் வீட்டுக்காரர்.

அக்கா முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். "எண்ணெய் யாவாரிக்கு ரெண்டு பக்கம் லெட்டரு எழுதுனீங்களே. எனக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. சீலு குத்திக் குடுங்க."

வீட்டுக்கு வந்து தாளை எடுத்து உட்கார்ந்தேன். இவர் வழக்கம் போல உலாத்தினார். "எழுது. தவிர்க்க இயலாத சில காரணங்களால், எமது நிறுவனத்தில் ஏற்பட்ட சிறு குழப்பத்தின் பொருட்டு..."

"ஏனுங்க, நீங்க கொஞ்சம் வாய மூடறீங்களா?" என்றேன்.

நானே எழுதினேன். 'எங்கள் கடையில் எண்ணெய் கெட்டது நாங்கள் வைத்திருந்த தூக்கால். இவர் கையால் அல்ல.' அவ்வளவுதான். அடியில் கையெழுத்துப் போடச் சொன்னேன். அந்தப் பேனாவை அவர் இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை. கடைசியில் போட்டார். சீலை நான்தான் குத்தினேன்.

அக்கா அதை வாங்கி, வாய்விட்டு ஒரு தரம் படித்தார். மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். "ரொம்ப சந்தோசங்க அம்மிணி. வாரேன்" என்றார். வருகிறேன் என்றால் எங்கள் கடைக்கு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். மறுநாள் அவர் அந்தத் தாளைக் காட்டி, ரோட்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடையில் சட்டி முன்னால் நின்றார்.

இப்போது எங்கள் எண்ணெயைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாது. நுரை இல்லை, கறுப்பு இல்லை, புகை இல்லை. வியாபாரி அனுப்பிய மாஸ்டர் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார். பஜ்ஜி நான் போடுகிறேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் மெதுவாக வந்து, "அக்காவத் திரும்ப வரச் சொல்லி ஒரு லெட்டரு எழுதலாமா?" என்றார். பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்து, நீங்களே எழுதுங்கள் என்றேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் ஒரு லாரி கடை முன்னால் வந்து ஓரங்கட்டியது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அக்கா இருக்குதுங்களா?" என்றார்.

நான் கரண்டியால் எதிர்ச்சாரியைக் காட்டினேன். அவர் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போனார்.